இலவச வகுப்பில் கிடைக்கும் வாடிக்கையாளர்

பைஜு ரவீந்திரன் கேட் நுழைவுத் தேர்வுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிய காலத்தில், அவருடைய முதல் பயிலரங்குக்குக் கட்டணம் கிடையாது. பாடம் பிடித்தவர்கள் அடுத்த நிலை வகுப்புக்குப் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். அவர் நிறுவனம் பிற்பாடு கடன் சிக்கலில் மாட்டியது வேறு கதை. ஆனால் அந்த இலவச வகுப்பில் கற்றுக்கொள்ள விஷயம் உண்டு: அங்கே விளம்பரம் அல்ல, பாடமே நடந்தது.

திருப்பூரில் பில்லிங் மென்பொருள் விற்கும் ஒருவர் ஜூமில் இப்படியொரு வகுப்பு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ‘ஜிஎஸ்டி விழிப்புணர்வு’ என்று தலைப்பு வைத்தால் கல்லூரி மாணவர்கள்கூட வருவார்கள். மென்பொருள் வாங்கப் போவதில்லை. ‘GSTR-2B-யில் விட்டுப்போன பில்களைக் கண்டுபிடிப்பது எப்படி?’ என்று வைத்தால், சரக்கு வாங்கிய பில்லுக்கு இன்புட் கிடைக்காமல் தவிக்கும் வியாபாரிதான் வருவார். தலைப்பே ஆளைச் சலித்துவிடுகிறது.

தேதியையும் அந்த வியாபாரியின் நாட்காட்டியைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். மாதாமாதம் கணக்குக் காட்டுபவர்கள் GSTR-1-ஐ 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்கிறார்கள். 14-ஆம் தேதி GSTR-2B உருவாகிறது. GSTR-3B-க்குப் பொதுவான கெடு 20. ஆகவே 15, 16 தேதிகளில் கடை சாத்திய பிறகு நடத்தினால், வருகிறவர் தம் கணக்கையே திறந்துவைத்துக்கொண்டு கேட்பார். 19-ஆம் தேதி அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

பதிவுப் படிவத்தில் பெயர், வாட்ஸ்அப் எண், ‘இப்போது பில் போடுவது எதில்?’ என்ற ஒரு கேள்வி, பிறகு தொடர்புகொள்ளச் சம்மதமா என்ற கட்டம் ஆகியவை போதும். அந்த ஒரு கேள்விக்கான பதில்தான் பின்னால் யாரிடம் என்ன பேசுவது என்பதைத் தீர்மானிக்கும்.

வகுப்பில் ஒரு மாதிரிக் கணக்கை எடுத்து, கொள்முதல் பதிவேட்டோடு 2B-யை ஒப்பிட்டு, விடுபட்ட பில்லைக் கண்டுபிடித்து, விற்றவருக்கு என்ன எழுதிக் கேட்பது என்பது வரை முழுதாகக் காட்ட வேண்டும். எக்செலிலேயே காட்டலாம், அதே வேலை மென்பொருளில் எப்படி நடக்கிறது என்பதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் காட்டினால் போதும். பாதியை மறைத்துவைத்து ‘மீதி பணம் கட்டினால்’ என்றால் வந்தவர் ஏமாந்ததாகவே உணர்வார். ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். வந்த எல்லாருக்கும் ஒரே விலைப்பட்டியலை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். கடைசிவரை இருந்து கேள்வி கேட்டவரை மறுநாளே அழைத்து, முதலில் அவர் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். விலை அதற்குப் பிறகு. பதிவு செய்துவிட்டு வராதவருக்கு ஒளிப்பதிவை அனுப்பினால் போதும். பாதியில் போனவர்கள் எந்த நேரத்தில் போனார்கள் என்று பார்க்க வேண்டும். மென்பொருள் பேச்சு தொடங்கியதும் கூட்டம் கலைந்திருந்தால், அடுத்த முறை திருத்த வேண்டிய இடம் அதுதான்.

முந்நூறு பேர் பதிவு செய்தார்கள் என்று பெருமைப்படுவதில் பயனில்லை. எத்தனை பேர் மறுநாள் போனை எடுத்துப் பேசினார்கள் என்பதை எழுதிவையுங்கள்; அடுத்த வகுப்பின் தலைப்பை அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்தே எடுங்கள்.