உதடு மரத்துவிட்டது, பல் மரக்கவில்லை

கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி, சொத்தை பல்லின் உள்கூழ் வரை இறங்கிவிட்டது. சூடாகக் குடித்தால் வலி, படுத்தால் இன்னும் அதிக வலி. இரண்டு இரவு தூங்காமல் கழித்துவிட்டு ஒரு பெண்மணி பல் மருத்துவரிடம் வருகிறார். மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி, தாடையின் பின்பக்கம் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தருகே ஊசி போடுகிறார். அதில் இருப்பது அட்ரினலின் கலந்த 2% லிக்னோகெய்ன். பத்து நிமிடத்தில் பாதி உதடும் நாக்கின் ஓரமும் கனத்து மரத்துப்போகின்றன. வேர் சிகிச்சைக்காகப் பல்லைக் குடைய ஆரம்பித்ததும் அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுகிறார்.

"டாக்டர், உதடெல்லாம் மரத்துப்போச்சு. ஆனா பல்லைத் தொட்டாலே உயிர் போவுது."

இப்படிச் சொல்பவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைப்பது பெரிய அநியாயம். மருந்து பழசு, ஊசி சரியாகப் போடவில்லை என்று மருத்துவரைக் குறைசொல்வதும் பெரும்பாலும் தவறுதான். உதடு மரத்திருக்கிறது என்றால் மருந்து நரம்பைச் சென்றடைந்துவிட்டது என்று பொருள். இனி என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நரம்பில் வலிச்செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. நரம்பிழையின் மெல்லிய சவ்வில் சோடியம் அயனிகள் மட்டும் நுழையக்கூடிய நுண்ணிய வாயில்கள் வரிசையாக உள்ளன. ஓரிடத்தில் அவை திறந்து சோடியம் உள்ளே பாய்ந்ததும் அங்கே மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றம் அடுத்த இடத்து வாயில்களைத் திறக்கும். இப்படித்தான் துடிப்பு பல்லிலிருந்து மூளை வரை போய்ச்சேர்கிறது. லிக்னோகெய்ன் இந்த வாயில்களை அடைக்கிறது. சோடியம் நுழையாவிட்டால் துடிப்பு அங்கேயே நின்றுவிடும். வலி உண்டாகும் இடத்தில் வலிக்கான காரணம் அப்படியே இருக்கும், ஆனால் செய்தி மூளைக்குப் போகாது.

இந்த வாயிலை மருந்து வெளியிலிருந்து அடைப்பதில்லை, உள்ளிருந்துதான் அடைக்கிறது. 1970-இல் டோஷியோ நரஹாஷியும் அவரோடு வேலை செய்தவர்களும் கணவாயின் பெரிய நரம்பிழையை எடுத்து, எப்போதும் மின்னூட்டத்தோடேயே இருக்கும்படி மாற்றிய மருந்து மூலக்கூறுகளை அதில் சோதித்துப் பார்த்தார்கள். வெளியே வைத்தபோது பெரிய விளைவு ஏதுமில்லை. இழையின் உட்புறம் செலுத்தியபோது துடிப்பு தடைபட்டது. கடலிலிருந்து வந்த ஓர் உயிரின் நரம்பிழை, நம் வாயில் ஏற்றப்படும் ஊசியின் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

லிக்னோகெய்ன் உடம்பில் இரண்டு உருவங்களில் இருக்கும். மின்னூட்டம் இல்லாத உருவம் கொழுப்பாலான சவ்வைக் கடந்து உள்ளே போகும். மின்னூட்டமுள்ள உருவத்தால் சவ்வைக் கடக்க முடியாது, ஆனால் வாயிலை அடைப்பது அதுதான். வீட்டுக்குள் நுழைய ஒருவன், உள்ளே வேலை செய்ய இன்னொருவன் என்று வைத்துக்கொள்ளலாம். இருவரும் ஒரே மூலக்கூறு என்பதுதான் அழகு. உள்ளே போனதும் மின்னூட்டமில்லாத உருவத்தில் ஒரு பங்கு மின்னூட்டம் ஏற்று வேலைக்குத் தயாராகிவிடும்.

எந்த உருவம் எவ்வளவு என்பதைச் சுற்றியுள்ள அமிலத்தன்மை முடிவுசெய்கிறது. அதை அளக்கும் பிஎச் அளவில் எண் குறையக் குறைய அமிலம் கூடும். லிக்னோகெய்ன் பாதிப்பாதியாகப் பிரிவது பிஎச் 7.9-இல். ஆரோக்கியமான திசுவின் பிஎச் 7.4. கணக்குப் போட்டால் நூறு மூலக்கூறுகளில் சுமார் 24 மின்னூட்டமின்றி இருக்கும். சீழ்பிடித்த இடத்தில் கிருமிகளும் அவற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களும் லாக்டிக் அமிலம் போன்றவற்றை வெளியிடுவதால் பிஎச் இறங்குகிறது. அது 6.4 என்று வைத்துக்கொண்டால் நூற்றுக்கு மூன்று மட்டுமே மிஞ்சும். போட்ட மருந்தின் அளவு மாறவில்லை, சவ்வைக் கடக்கக்கூடியது மட்டும் எட்டில் ஒரு பங்காகிவிட்டது. போதாததற்கு வீங்கிச் சிவந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும், மருந்தைச் சீக்கிரமே அடித்துக்கொண்டு போய்விடும்.

மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விளக்கம் இதுதான். அதில் பிழையில்லை. ஆனால் நம் பெண்மணிக்கு அது முழுதாகப் பொருந்தாது. ஊசி போட்டது சீழ்பிடித்த பல்லருகே அல்ல, பல சென்டிமீட்டர் தள்ளி, தாடையின் பின்பக்கத்தில். அங்கே திசு நலமாகத்தான் இருக்கிறது. பிஎச்சும் சாதாரணம். அதனால்தான் உதடு மரத்தது. பிறகு பல் ஏன் மரக்கவில்லை?

இங்கேதான் அழற்சி நரம்பையே மாற்றிவிடுவதைக் கணக்கில் கொள்ள வேண்டும். புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருட்கள் நரம்புமுனையில் ஊறிக் கிடக்கும்போது, துடிப்பு கிளம்பச் சிறு தூண்டுதலே போதும். அந்த நரம்புகளில் வேறொரு வகை சோடியம் வாயில்களும் கூடுகின்றன. இவற்றைப் பஃபர் மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சினாலும் அடைக்க முடியாது, லிக்னோகெய்னுக்கும் இவை எளிதில் அடங்குவதில்லை. இதுதான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது, பல காரணங்கள் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆயினும் உதட்டின் அமைதியான நரம்பை அடக்கப் போதுமான மருந்து, கிளர்ந்துபோன பல் நரம்பை அடக்கப் போதவில்லை என்பது தெளிவு.

ஆகவே உதட்டைக் கேட்டுவிட்டுப் பல்லைக் குடைய ஆரம்பிப்பது சரியான சோதனை ஆகாது. பல்லின் மேல் குளிர்ச்சியான தெளிப்பை ஒரு பஞ்சில் நனைத்து வைத்துப் பார்க்கலாம். 'சுரீர்' என்று உணர்ந்தால் இன்னும் மரக்கவில்லை. உணர்வே இல்லாவிட்டாலும் இந்த மாதிரிப் பல்லில் அது முழு உறுதி இல்லை. நோயாளி கையை உயர்த்தினால் நிறுத்துவது என்ற ஏற்பாடு அதனால்தான்.

மருந்தை ஏற்றிக்கொண்டே போவது வழியல்ல. 2% மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் லிக்னோகெய்ன் இருக்கிறது. உடல் எடைக்கேற்ற வரம்பைத் தாண்டி ரத்தத்தில் ஏறினால் வாயைச் சுற்றிக் குறுகுறுப்பு, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை ஆகியவை முதலில் வரும். அடுத்தது வலிப்பு. சீழ் வீக்கத்துக்குள்ளேயே ஊசி போட்டால் பலன் குறைவு, கிருமியை உள்ளே தள்ளும் அபாயமும் உண்டு. தொட்டால் அசையும் சீழ்க்கட்டி இருந்தால் அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவில் மரக்கவைத்து, கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. அமிலமும் அழுத்தமும் சேர்ந்தே குறையும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்குச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஐபுபுரோஃபன் கொடுத்தால் ஊசி பலிக்கும் வாய்ப்பு கூடுகிறது, ஏனென்றால் அது புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது. கூழ் அழற்சி வலிக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்குவதால் மட்டும் வலி குறைவதில்லை.

இவ்வளவுக்கும் மசியாத பல்லுக்கு மருத்துவர்கள் பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளியிலோ எலும்பிலோ நேராகச் செலுத்துகிறார்கள். கடைசிக் கட்டமாகக் கூழ் அறையில் சிறு துளை தெரிந்ததும் ஊசிமுனையை அதிலேயே இறுக்கி நுழைத்து அழுத்திச் செலுத்துவதும் உண்டு. அந்த ஒரு நொடி கடுமையாக வலிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இங்கே வேலை செய்வது பெரும்பாலும் அழுத்தம்தான். மருந்துக்குப் பதிலாக வெறும் உப்புநீரை அதே அழுத்தத்தில் செலுத்தியபோதும் கூழ் மரத்துப்போயிருக்கிறது. ஆனால் துளை பெரிதாகி, ஊசியைச் சுற்றித் திரவம் கசிந்து, கட்டைவிரலில் எதிர்ப்பு தெரியாமல் போனால் எந்த மருந்தை ஏற்றினாலும் அது பலிப்பதில்லை.