சுவாசப்பையிற் புகுந்த கலப்படம்

ஒரு பொருள் உடலுக்கு உணவாவதும் நஞ்சாவதும் அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று. அது உடலினுட் புகும் வழியையும் பொறுத்ததாகும். 2019ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற் பரவிய ஒரு நோயின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

அவ்வாண்டு ஆடி மாதத்தில், விஸ்கொன்சின் மாநிலத்துச் சிறுவர் மருத்துவமனையொன்றில், முன்பு நோயற்றிருந்த இளைஞர் சிலர் கடும் மூச்சுத்திணறலுடன் சேர்க்கப்பட்டனர். இருமல், நெஞ்சுநோ, காய்ச்சல் என்பவற்றோடு வாந்தியும் வயிற்றோட்டமும் பலரிடங் காணப்பட்டன. கதிர்ப்படத்தில் இரு சுவாசப்பைகளிலும் வெண்மை படர்ந்திருந்தது. ஆயினும் கிருமி எதுவும் அகப்படவில்லை. அவர்கள் அனைவர்க்கும் பொதுவாயிருந்தது ஒன்றே: மின்கலத்தாற் சூடாக்கப்படும் சிறு குழலின் ஆவியை அவர்கள் இழுத்து வந்தனர். பிற மாநிலங்களிலும் இத்தகைய நோயாளர் தோன்றினர். 2020 மாசி மாத நடுப்பகுதி வரை 2,807 பேர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டோ இறந்தோ போயினர் எனப் பதிவாயிற்று. இறந்தோர் 68 பேர். நோயாளருட் பெரும்பாலோர் கஞ்சாவிலிருந்து பிரித்த எண்ணெயை, அதுவும் களவுச் சந்தையில் வாங்கிய குப்பிகளிலிருந்து, பயன்படுத்தியோர்.

அவ்வெண்ணெயில் நேர்ந்தது யாது? கஞ்சா எண்ணெய் பொன்னிறமானது, பாகு போலத் தடித்தது, விலை மிக்கது. வாங்குவோர் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளிருக்குங் காற்றுக்குமிழி மெல்ல ஏறினால் எண்ணெய் தூயதென்றும், விரைந்து ஏறினால் நீர்த்ததென்றும் கொள்வர். இச்சோதனையை ஏமாற்றவல்ல மலிவான பொருளொன்றைக் கலப்படஞ் செய்வோர் கண்டனர். அது விற்றமின் ஈ அசற்றேற்று என்பது. நிறத்திலும் தடிப்பிலும் கஞ்சா எண்ணெயை ஒத்தது, மணமற்றது. ஆகவே குமிழி முன்போலவே மெல்ல ஏறிற்று, வாங்கியவர் ஐயுறவில்லை.

இப்பொருள் விற்றமின் மாத்திரைகளிலும் தோலிற் பூசுங் களிம்புகளிலும் நெடுங்காலமாக உள்ளது. குடலினுட் சென்றால் அது உடைக்கப்பட்டுப் பயன்படுகின்றது. சுவாசப்பையின் நிலை வேறு. அங்குள்ள கோடிக்கணக்கான சிற்றறைகளின் உட்புறத்தை மெல்லிய கொழுப்புப் படலமொன்று போர்த்தியிருக்கின்றது. மூச்சை வெளிவிடும்போது சிற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமற் காப்பது அப்படலமே. விற்றமின் ஈ அசற்றேற்று அப்படலத்தினுள் நுழைந்து அதன் உறுதியைக் குலைக்கலாம் என்பது ஒரு கருத்து. அது சூடேறுங்கால் கீற்றீன் எனும் எரிச்சலூட்டும் வாயு பிறந்து இழையங்களைச் சுடலாம் என்பது மற்றொன்று. இவற்றுள் எது முதன்மையானது என்பது முடிந்த முடிபன்று. எவ்வாறாயினும், இறுதியிற் சிற்றறைகள் அழற்சியுற்று நீர் கோத்து, குருதிக்குப் பிராணவாயு எட்டாது போகின்றது.

இனி, குற்றவாளி இதுவே எனத் துணிந்தது எங்ஙனம்? 16 மாநிலங்களைச் சேர்ந்த 51 நோயாளரின் சுவாசப்பையினுள் நெகிழுங் குழாய் வழியே உப்புநீர் விட்டு, அதனை மீள உறிஞ்சி ஆராய்ந்தனர். 48 பேரது நீரில் விற்றமின் ஈ அசற்றேற்று இருந்தது. ஒப்புநோக்கும்பொருட்டு நோயற்ற 99 பேரது நீரும் ஆராயப்பட்டது. அவருள் சிகரற்றுப் புகைப்போரும், நிக்கொற்றீன் ஆவி இழுப்போரும், இரண்டும் அற்றோரும் இருந்தனர். ஒருவரிடத்தேனும் அப்பொருள் இல்லை. மினெசோற்றா மாநிலத்திற் காவற்றுறை கைப்பற்றிய குப்பிகளும் இதற்குச் சான்றாயின. 2018இற் கைப்பற்றியவற்றுட் சோதித்த 10இல் ஒன்றிலும் அது இல்லை. 2019இற் கைப்பற்றியவற்றுட் சோதித்த 20இலும் அது இருந்தது. நோய் தோன்றிய காலமும் கலப்படம் புகுந்த காலமும் இவ்வாறு பொருந்தின. எலிகளை அப்பொருளின் ஆவியைச் சுவாசிக்கச் செய்தபோதும் அவற்றின் சுவாசப்பைகளிற் கேடு காணப்பட்டது.

எனினும் ஓர் எல்லையை மறத்தலாகாது. எஞ்சிய மூவரிடம் அப்பொருள் காணப்படவில்லை. ஆதலின் வேறு பொருட்களுக்கும் சிறிது பங்குண்டோ எனும் ஐயம் முற்றும் நீங்கியதன்று. இந்நோயை ஐயமற அறிதற்குத் தனிச் சோதனை எதுவும் இல்லை. கடந்த 90 நாட்களுள் ஆவி இழுத்தமை, கதிர்ப்படத்தின் வெண்மை, கிருமித் தொற்று இன்மை ஆகிய மூன்றையும் சேர்த்தே மருத்துவர் துணிவர். எனவே நோயாளர் உண்மையை ஒளித்தால் மருத்துவர் நியூமோனியா என மயங்குதல் கூடும். உண்மை தெரிந்தவிடத்துப் பிராணவாயுவும் கோட்டிக்கோஸ்ரெரொயிட்டு மருந்துகளும் கொடுக்கப்படும். பலர் அவற்றால் தேறினர்.

2019 புரட்டாதியில் உச்சமுற்ற நோய் பின்னர் விரைந்து தணிந்தது. கலப்படச் செய்தி பரவியதும், அப்பொருளைச் சேர்ப்பது குறைந்ததும் அதற்குக் காரணங்களெனக் கருதப்படுகின்றன. ஆயின் குப்பியினுள் இருப்பது யாதெனக் கண்ணால் அறியும் வழி இன்றும் இல்லை; அதனை ஆய்வுகூடத்துக் கருவியே காட்டவல்லது. மெல்ல ஏறுங் குமிழி எண்ணெயின் தடிப்பை மட்டுமே கூறும்; தூய்மையைக் கூறாது.