பிரிண்டில் கரைந்துபோகும் சிவப்பு

ஒரு வகுப்பின் மார்க் லிஸ்ட். 35-க்குக் கீழே இருப்பதெல்லாம் எக்செல் தரும் வெளிர் சிவப்புக் கட்டத்தில், 90-க்கு மேல் வெளிர் பச்சையில். வரிசை தவறாமல் படிக்க, ஒன்றுவிட்டு ஒன்று சாம்பல் பட்டை. திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்.

சாம்பலாக மாறும்போது நிறம் போய், அதன் வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. பச்சை நம் கண்ணுக்கு அதிக வெளிச்சமாகவும் நீலம் மிகக் குறைவாகவும் படுவதால், வழக்கமான கணக்கு இப்படிப் போகும்:

```
0.299 R + 0.587 G + 0.114 B
```

கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255. எக்செலின் வெளிர் சிவப்பு (255, 199, 206) ஏறக்குறைய 217 ஆகிறது. வெளிர் பச்சை (198, 239, 206) 223. இந்த ஆறு புள்ளி வித்தியாசம் தாளில் தெரியாது. அதைவிட வேடிக்கை, பட்டைக்குப் பலரும் எடுக்கும் சாம்பல் D9D9D9. அதன் மதிப்பும் 217 தான்! ஆகவே பட்டை வரிசையில் விழுந்த பெயில் மார்க், பட்டையோடு பட்டையாகக் கரைந்துவிடும். வெள்ளை வரிசையில் இருப்பது மட்டும் தனியாகத் தெரியும். பார்ப்பவர் அந்த வரிசைகளில்தான் பெயில் என்று நினைத்துக்கொள்வார்.

பட்டையை இன்னும் வெளுக்க வைத்தால்? லேசர் பிரிண்டரிடம் சாம்பல் மை கிடையாது. கறுப்புப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்துத்தான் சாம்பல் காட்டுகிறது. F2F2F2 போன்ற மிக வெளிர் சாம்பலில் புள்ளிகள் அவ்வளவு அரிதாக விழுவதால், ஒரு முறை ஜெராக்ஸ் எடுத்தாலே பட்டை காணாமல் போகலாம். அடர்த்தியைக் கூட்டினாலோ, பொடி எழுத்தைச் சுற்றிப் புள்ளிகள் மொய்த்து 3-ம் 8-ம் குழம்பும்.

என் யோசனை, பட்டைக்கு D9D9D9 இருக்கட்டும், ஆனால் வேறு எந்தக் கட்டத்துக்கும் நிறம் வேண்டாம். பெயில் மார்க்கைத் தடித்த எழுத்தாக்கி, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில் அதன் பொருளை எழுதிவிடலாம். 90-க்கு மேல் என்றால் கட்டத்தைச் சுற்றித் தடித்த கோடு. தலைப்பு வரிசைக்கு ஆரஞ்சுப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். ஆரஞ்சு நடுத்தரச் சாம்பலாகி எழுத்தை விழுங்கும். கருநீலம் தாங்கும், எழுத்து தடித்ததாக இருந்தால்.

நிறைய பேர் கவனிக்காத ஒன்று: எக்செலின் Page Setup பகுதியில், Sheet தாவலில் Black and white என்றொரு தேர்வு உண்டு. அதை டிக் செய்தால் பின்னணி நிறங்களே அச்சாகாது. பட்டையும் போய்விடும். எனவே ஐந்து வரிசைக்கு ஒரு மெல்லிய கோடும் போட்டு வைப்பது நல்லது. அந்தத் தேர்விலும் கோடு அச்சாகும்.