மாமாவின் புடலைப் பந்தலும் நாலு வரிச் செய்தியும்

ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் ஒருவரின் போனைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். மினுமினுக்கும் ரோஜாப்பூ, கைகூப்பும் பொம்மை, ‘விரைவில் குணமடைய வாழ்த்துகள்’ என்று பத்துப் பேரிடமிருந்து ஒரே படம். அனுப்பியவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பலாம் என்பது படுத்திருப்பவருக்கும் தெரியும்.

தோட்டம் வைத்திருக்கும் மாமாவுக்கு எழுதுவது இதைவிடச் சுலபம். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன், வயிற்றில் வலை வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாமி கொல்லைப்புறத்தைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். எழுதுவதற்கு முன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பாருங்கள். பந்தலில் மூன்று புடலங்காய் தொங்குகிறது. வளையாமல் நேராக வளர, இரண்டின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டிவிட்டிருக்கிறார் மாமா. மூன்றாவது பிஞ்சு, அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபின் இறங்கியது போலிருக்கிறது. அதில் கல் இல்லை. எழுத வேண்டிய விஷயம் அந்தக் கல்தான். ‘தோட்டம் அழகா இருக்கு மாமா’ என்பதை, படத்தைப் பார்க்காதவர்கூட எழுதிவிடலாம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ‘மூணாவதுக்குக் கல் கட்டலையே மாமா’ என்று மட்டும் எழுதினால், மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பந்தலடிக்குக் கிளம்பிவிடுவார். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்பார்கள். துளை போட்டுச் செய்ததா, வெட்டிச் செய்ததா என்பதைப் பொறுத்து மருத்துவர் சொல்லும் கணக்கு மாறும். பத்து லிட்டர் பூவாளி நிறையத் தண்ணீர் என்றால் பத்துக் கிலோவுக்கு மேல். குனிந்து அதைத் தூக்கும்போது அடிவயிற்றில் விழும் அழுத்தம், ஆறிவரும் தையலுக்கு ஆகாது. அதனால் படத்தில் வாடல் ஒன்றைக் கண்டால், அதைக் கவனிக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டு எழுதுங்கள், இல்லையென்றால் அதைப் பற்றி மூச்சுவிடாதீர்கள். செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிகிறதா? வேறு யாரிடமாவது சொல்லித் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொல்லுங்கள். மாமாவுக்கு அந்தச் செய்தி இப்போது வேண்டாம்.

படுத்திருப்பவருக்குச் செடிகொடியைக் காட்டுவதால் பயன் உண்டா என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் ஆபரேஷனுக்குப் பின் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளில். கடுமையான வலி மருந்தும் மரத்துக்காரர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இந்த ஆய்வைப் பலரும் அளவுக்கு மீறி இழுத்துவிட்டார்கள். அது சிறிய கூட்டம், ஒரே மருத்துவமனை, பார்த்ததும் நிஜ மரம். போன் திரையில் வரும் புடலங்காய் தையலை ஆற்றிவிடும் என்று அதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. மாமாவின் கவனம் வலியிலிருந்து கொஞ்ச நேரம் பந்தலுக்குப் போகும், அவ்வளவு போதும்.

இப்போது செய்தியை எழுதலாம்:

“மாமா, மாமி அனுப்பின போட்டோவைப் பார்த்தேன். நீங்க கல் கட்டின ரெண்டு புடலையும் நூல் பிடிச்ச மாதிரி இறங்கியிருக்கு. மூணாவதுக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி சாயங்காலம் வந்து கட்டிடுறான், தண்ணியும் அவனே ஊத்திடுவான். முத்தின காயை விதைக்கு விடலாமா, பறிச்சிடலாமா? மெதுவா மாமிகிட்டச் சொல்லுங்க, போதும்.”

கடைசிக் கேள்வி சும்மா வந்ததில்லை. எழுந்து நடக்கவே ஒருவர் கைகொடுக்க வேண்டிய நிலையில், தோட்டத்துக்கு முதலாளி இன்னும் அவர்தான் என்பது அந்தக் கேள்வியில் இருக்கிறது. பதில் ஒரே சொல், படுத்தபடியே சொல்லிவிடலாம்.

நகைச்சுவைத் துணுக்கு எதுவும் சேர்க்காதீர்கள். வயிற்றில் ஆபரேஷன் செய்தவருக்குச் சிரிப்பு, இருமல், தும்மல் மூன்றுமே வலிக்கும். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லி நர்ஸ்கள் அனுப்புவது அதற்காகத்தான். ‘எங்க பெரியப்பாவுக்கும் இதேதான், மறுபடி வந்துடுச்சு’ என்ற ரகக் கதையும் வேண்டாம். கண்புரை ஆபரேஷன் என்றால் எழுதுவதைவிடக் குரல் பதிவு நல்லது, அதுவும் ஒரு நிமிடத்துக்குள்.

ஆபரேஷன் நாளன்று அனுப்ப வேண்டாம். மயக்க மருந்தின் அசதியில் படித்தாலும் மனதில் நிற்காது. மறுநாள் காலை அனுப்புங்கள். நீலக் குறி விழுந்தும் பதில் வரவில்லையே என்று உடனே போன் போட்டு எழுப்பாதீர்கள். புடலை விஷயத்தை மாமி வழியாக அவரே சொல்லி அனுப்புவார்.