400 பதிவு 600 ஆனால் வளர்ச்சியா?

மசாலாப் பொடி விற்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஜனவரி மாதம் இணையத்தில் அதன் பெயரைச் சொல்லி 400 பதிவுகள் வந்தன. ஏப்ரலில் 600. விளம்பரப் பிரிவு மேலாளர் முதலாளியிடம் போய், “நம்மைப் பற்றிய பேச்சு மூன்றே மாதத்தில் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது சார்” என்கிறார். எண் சரிதான், ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இந்தக் கம்பெனியும் இதன் எண்களும் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. இடையில் வரும் மற்ற செய்திகள் நடந்தவை.

முதலாளி திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “அதே மூன்று மாதத்தில் மற்றவர்களுக்கு எவ்வளவு கூடியது?” நம் கம்பெனிக்கு மூன்று போட்டியாளர்கள். ஜனவரியில் அவர்களைப் பற்றி வந்தவை முறையே 1,600, 1,200, 800. நம்முடைய 400-ஐயும் சேர்த்தால் 4,000. அதில் நம் பங்கு 10 சதவீதம். ஏப்ரலில் அவர்களுக்கு 3,600, 2,300, 1,500. நம் 600-உடன் மொத்தம் 8,000. நம் பங்கு 7.5 சதவீதம். நமக்கு ஒன்றரை மடங்கு கூடிய காலத்தில் மொத்தப் பேச்சு இரண்டு மடங்காகிவிட்டது. இந்தப் பங்கைத்தான் விளம்பரத் துறையில் ‘ஷேர் ஆஃப் வாய்ஸ்’ என்கிறார்கள். தமிழில் குரல் பங்கு என்று சொல்லலாம்.

இந்தச் சொல் இணையத்துக்கு முன்பே இருந்தது. அப்போது அளந்தது மக்கள் பேச்சை அல்ல, விளம்பரச் செலவை. ஒரு துறையில் எல்லோரும் விளம்பரத்துக்குப் போடும் பணத்தில் நம்முடையது எத்தனை சதவீதம் என்பதே அதன் பொருள். ஜான் பிலிப் ஜோன்ஸ் 1990-ல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ’வில் எழுதிய கட்டுரை இதில் புகழ்பெற்றது. பெரிய பிராண்டுகள் தங்கள் சந்தைப் பங்கைவிடக் குறைந்த குரல் பங்கிலேயே இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடிகிறது, சிறியவை தங்கள் பங்குக்கு மேல் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்று அவர் காட்டினார். அந்த முடிவு விளம்பரச் செலவுக்கானது. அதை அப்படியே எடுத்து இணையப் பதிவுகளின் எண்ணிக்கைக்குப் பொருத்தி, “பேச்சு இவ்வளவு கூடினால் விற்பனை இவ்வளவு கூடும்” என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். செலவழித்த பணத்தை நாம் முடிவு செய்கிறோம். மக்கள் என்ன பேசுவார்கள் என்பதை நாம் முடிவு செய்வதில்லை.

நம் மேலாளரிடம் திரும்புவோம். 7.5 சதவீதம் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. அதற்கும் அவசரம் வேண்டாம். இந்த 8,000 பதிவுகளை எப்படிச் சேகரித்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். தமிழில் இந்த வேலை எவ்வளவு சிக்கலானது என்பது நம் ஊர் மசாலாப் பெயர்களை வைத்துத் தேடினாலே தெரியும்.

‘ஆச்சி’ என்று மட்டும் தேடிப் பாருங்கள். மனோரமா வருவார். செட்டிநாட்டு ஆச்சிமார் வருவார்கள். “என்ன ஆச்சி?” என்று பேச்சுவழக்கில் எழுதியவர்கள் எல்லோரும் வருவார்கள். ‘சக்தி’ என்றால் அம்மன் கோயில், ஆட்களின் பெயர், சூரிய சக்தி எல்லாம் வந்து குவியும். ஆகவே பெயரோடு பொருளைச் சேர்த்துத் தேட வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களும் ஏராளம் என்பதால் அந்த வடிவங்களும் வேண்டும்:

```
"ஆச்சி மசாலா" OR "ஆச்சி சாம்பார்" OR "aachi masala" OR "achi masala"
```

இப்படி இறுக்கினால் எதிர்ப்பக்கத்தில் இழப்பு வரும். “ஆச்சி மிளகாத்தூள் நல்லா இருக்கு” என்று எழுதியவர் இந்த வலையில் சிக்கமாட்டார். சில கருவிகள் முழுச் சொல்லாக இருந்தால்தான் எடுக்கும். அவற்றில் ‘மசாலா’ என்று தேடினால் ‘மசாலாவை’, ‘மசாலாவுல’ தப்பிவிடும். வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழிக்கு அந்தக் கருவிகள் செய்யப்படவில்லை.

முழுக்கச் சரியான வலை கிடையாது. வலையில் எவ்வளவு குப்பை என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. வந்த பதிவுகளில் இருநூறைக் குலுக்கல் முறையில் எடுத்து ஓர் ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதில் 90 மட்டுமே உண்மையில் மசாலாவைப் பற்றியது என்றால் வலை சொல்லும் எண்ணிக்கையில் 45 சதவீதமே நம் கணக்கு. பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில். தங்கள் பிராண்டின் பதிவுகளை மட்டும் அக்கறையாகச் சலித்துவிட்டு, போட்டியாளர்களுடையதை வந்தபடியே விட்டுவிடுவார்கள். அப்போது நம் பங்கு தானாகவே சுருங்கித் தெரியும். எல்லாப் பெயருக்கும் ஒரே சல்லடை வேண்டும், எல்லா மாதத்துக்கும் அதே சல்லடை வேண்டும். போட்டியாளர் பட்டியலும் அப்படித்தான். நடுவில் நான்காவதாக ஒருவரைச் சேர்த்தால் பழைய மாதங்களையும் அவரோடு சேர்த்துத் திரும்பக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் எதுவுமே நடக்காமல் நம் பங்கு ஒரே மாதத்தில் விழுந்ததுபோல் இருக்கும்.

நம் கம்பெனியின் 4,000-மும் 8,000-மும் இப்படிச் சலித்து எடுத்தவை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தம் ஏன் இரண்டு மடங்கானது? அந்த ஏப்ரல் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் என்றால் பதில் எளிது. அந்த மாதம் 5-ஆம் தேதி ஹாங்காங்கின் உணவுப் பாதுகாப்பு மையம், எம்.டி.எச்., எவரெஸ்ட் ஆகிய இரு நிறுவனங்களின் சில மசாலாக்களில் எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி இருப்பதாக அறிவித்தது. அதில் ‘மெட்ராஸ் கறிப் பொடி’யும் ஒரு சாம்பார் மசாலாவும் உண்டு. சில நாட்களில் சிங்கப்பூரும் எவரெஸ்டின் மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. தங்கள் பொருட்கள் பாதுகாப்பானவை என்றே இரு நிறுவனங்களும் கூறின. நாடெங்கும் சமையலறைப் பேச்சு இதுவாகிவிட்டது. இப்படிப்பட்ட மாதத்தில் யாருடைய குரல் பங்கு கூடுகிறதோ அவருக்கு அது நல்ல செய்தியாக இருக்காது.

ஆகவே பதிவுகளைப் பிரிக்கிறோம், பூச்சிக்கொல்லிச் செய்தியைப் பற்றியவை ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். முதல் போட்டியாளரின் 3,600-ல் மற்றவை 1,500 மட்டுமே. இரண்டாமவரின் 2,300-ல் 1,300. மூன்றாமவரை இந்தச் செய்தி தொடவில்லை, 1,500 அப்படியே நிற்கிறது. நம்முடையதிலும் 60 பேர் “உங்க பொடியில அது இருக்கா?” என்று கேட்டிருக்கிறார்கள். அதையும் கழிக்க வேண்டும், மிச்சம் 540. மொத்தம் 4,840. நம் பங்கு 11.2 சதவீதம்.

மேலாளர் நிமிர்ந்து உட்கார்கிறார். 10-லிருந்து 11.2. இறக்கம் ஏற்றமாகிவிட்டது.

ஆனால் இந்த அளவு எண்ணிக்கையில், உண்மையில் எதுவும் மாறாமலே பங்கு ஒரு புள்ளி மேலோ கீழோ ஆடும். பதிவுகள் ஒன்றையொன்று தொற்றிக்கொண்டு வருபவை என்பதால் ஆட்டம் அதற்கும் கூடுதலாகவே இருக்கும். எனவே 1.2 புள்ளியை வைத்துக் கொண்டாட முடியாது. அதைவிட முக்கியமாக ஏப்ரலில் நம் கம்பெனி ஒரு சமையல் போட்டி நடத்தியிருந்தது. கம்பெனிப் பெயரோடு ஆறு குழம்புப் படம் போட்டால் ஒரு குக்கர் பரிசு.

இதைக் கண்டுபிடிக்கப் பதிவுகளை விட்டுவிட்டு ஆட்களை எண்ண வேண்டும். ஜனவரியின் 400 பதிவுகளை எழுதியவர்கள் 320 பேர். ஏப்ரலின் 540-ஐ எழுதியவர்கள் 330 பேர்தான். அதே ஆட்கள் பரிசுக்காக அதிக முறை எழுதியிருக்கிறார்கள். எல்லாப் பிராண்டுகளுக்கும் இப்படி ஆட்களை எண்ணிக் கூட்டினால் ஜனவரியில் 3,200, ஏப்ரலில் 3,600. நம் பங்கு 10 சதவீதத்திலிருந்து 9.2 ஆகிறது. புதிதாக நம்மைப் பற்றிப் பேசத் தொடங்கியவர்கள் அநேகமாக இல்லை.

நான் ஒருவேளை ஒரே ஓர் எண்ணைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இந்த ஆள் கணக்கையே வைத்துக்கொள்வேன். போட்டி, மீள்பதிவு, காசு கொடுத்து எழுதவைப்பது, கம்பெனியின் சொந்தக் கணக்கு என எதைக்கொண்டு பதிவைப் பெருக்கினாலும் ஆட்களை அவ்வளவு எளிதில் பெருக்க முடியாது. போலிக் கணக்குகள் உண்டுதான். அவற்றையும் இருநூறு பதிவைப் படிக்கும் அந்த ஆளே பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடுவார். இந்தக் கணக்குக்கு எட்டாத பேச்சும் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “அந்தப் பொடி வாங்காதே” என்று அத்தை போடும் செய்தி எந்தக் கருவிக்கும் தெரியாது. பெயரை எழுதாமல் பாக்கெட்டை மட்டும் காட்டும் வீடியோவும் எழுத்துத் தேடலில் வராது.

அதனால்தான் பக்கத்தில் இன்னோர் அளவையும் வைத்துக்கொள்வது நல்லது. பேசாதவர்களும் தேடுவார்கள். பிரிட்டன் விளம்பர ஆய்வாளர் லெஸ் பினெட் 2020-ல் முன்வைத்த ‘தேடல் பங்கு’ இதுதான். போட்டிப் பிராண்டுகளைத் தேடும் மொத்தத் தேடல்களில் நம் பெயருக்கு எத்தனை சதவீதம் என்பது கணக்கு. கூகுள் ட்ரெண்ட்ஸில் ஒரே நேரத்தில் பல பெயர்களை ஒப்பிடலாம், செலவில்லை. அது உண்மையான தேடல் எண்ணிக்கையைத் தராது. உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்பச் சுருக்கிக் காட்டும். பங்கு கணக்கிட அதுவே போதும். தமிழ் எழுத்தில் தேடுவதும் ஆங்கில எழுத்தில் தேடுவதும் அங்கே தனித்தனிச் சொற்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பரபரப்பான செய்தி வந்தால் தேடலும் எகிறும் என்பதால் ஏப்ரலுக்கு இதுவும் மாற்று மருந்தில்லை. மே, ஜூன் அடங்கிய பிறகு பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ஜனவரியையும் ஏப்ரலையும் ஒப்பிட்டதே சரியா? கோடையில் நம் ஊர்களில் பல வீடுகளில் மிளகாயும் மல்லியும் காயவைத்து மில்லில் அரைத்து வருடத்துக்கும் எடுத்துவைக்கிறார்கள். பாக்கெட் பொடி வாங்குகிறவர்கள் யார், எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே பருவத்துக்குப் பருவம் மாறலாம். சென்ற ஆண்டு ஏப்ரலில் நம் ஆள் பங்கு என்னவாக இருந்தது என்று மேலாளர் பழைய கோப்பைத் திறக்கிறார். அது 9 என்றால் ஓராண்டில் நாம் நகரவே இல்லை. 6 என்றால், அவர் முதலில் சொன்ன 600-க்கும் குக்கர் பரிசுக்கும் சம்பந்தமில்லாமல், அவருடைய கம்பெனி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கோப்பில் சென்ற ஆண்டுக்குப் பதிவுகளின் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. அன்று மாலையே ஓர் ஆளை உட்கார வைத்து, இதே சல்லடையால் பன்னிரண்டு மாதத்தையும் திரும்ப எண்ணத் தொடங்குகிறார்கள்.