தீப்பிடித்த கப்பலும் தீண்டப்படாத சரக்கும்

2018 மார்ச் 6 அன்று, சிங்கப்பூரிலிருந்து சூயஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்த ‘மேர்ஸ்க் ஹோனம்’ என்ற கப்பல் அரபிக் கடல் நடுவே தீப்பிடித்தது. ஊழியர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். கப்பலில் ஏழாயிரத்துக்கும் அதிகமான கன்டெய்னர்கள் இருந்தன. முன்பகுதியில் இருந்தவை கருகிப்போயின. பின்பகுதியில் இருந்த பல கன்டெய்னர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கப்பலைத் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்துக்கு இழுத்துவந்து சேர்க்கவே மே மாதம் ஆகிவிட்டது.

தப்பிய சரக்கின் சொந்தக்காரர்கள் நிம்மதி அடைந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அவர்களுக்கு வந்தது ஒரு கடிதம். சரக்கு வேண்டுமென்றால் அதன் மதிப்பில் 54 சதவீதத்துக்குப் பிணை கொடுக்க வேண்டும். இதில் 42.5 சதவீதம் கப்பலை மீட்டவர்களுக்கானது, 11.5 சதவீதம் ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்ற பொதுச் சேதக் கணக்குக்கானது. ஐம்பது லட்ச ரூபாய்ச் சரக்கு என்றால் இருபத்தேழு லட்சம். இன்சூரன்ஸ் எடுக்காதவர் அதை ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

இந்த வழக்கம் மிகப் பழையது. ரோமானியச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. கப்பலும் சரக்கும் சேர்ந்து ஆபத்தில் இருக்கும்போது, எல்லாவற்றையும் காப்பாற்றுவதற்காக ஒன்றை வேண்டுமென்றே இழந்தாலோ, வழக்கத்துக்கு மீறிய செலவு செய்தாலோ, பிழைத்தவர்கள் எல்லோரும் தத்தம் மதிப்புக்கேற்ப அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இன்று ‘யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகள்’ இதை வகுத்துச் சொல்கின்றன. ‘வேண்டுமென்றே’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தீயில் எரிந்த துணி அவரவர் நஷ்டம். தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரில் நனைந்த துணி பொதுக் கணக்கில் சேரும். புகையால் கெட்டதற்கு அதில் இடமில்லை.

கடிதம் வந்ததும் சரக்குக்காரர் ‘ஆவரேஜ் பாண்ட்’ என்ற பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால், ரொக்கத்துக்குப் பதிலாகக் காப்பீட்டு நிறுவனமே உத்தரவாதக் கடிதம் கொடுத்துவிடும். இவை வந்துசேரும்வரை கன்டெய்னரை விடமாட்டார்கள். இறுதிப் பங்கைக் கணக்கிட ஆண்டுகள்கூட ஆகலாம். பிணையாகக் கட்டிய பணத்தில் மீதியிருந்தால் அதன் பிறகே திரும்பி வரும்.

உலகெங்கும் புழங்கும் சரக்குப் பாலிசிகள் ஏ, பி, சி என்று மூன்று வகை. பொதுச் சேதப் பங்கை மூன்றுமே ஏற்கும். மிகக் குறைந்த பிரீமியம் கட்டும் சி பாலிசிகூட மேலே சொன்ன 54 சதவீதச் சுமையைத் தாங்கும். ஆனால் சரக்கை அதன் உண்மை மதிப்புக்குக் குறைவாக இன்சூர் செய்திருந்தால், அந்த விகிதத்தில் இதுவும் குறையும்.

வித்தியாசம் தெரிவது, நம் பெட்டி மட்டும் கெடும்போதுதான். தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல் போன்ற பெரிய விபத்துகளோடு சி நின்றுவிடும். கன்டெய்னருக்குள் கடல்நீர் புகுந்தால் பி வேண்டும். மழைநீர் ஒழுகினாலோ, திருட்டுப் போனாலோ ஏ இருந்தால்தான் பணம் கிடைக்கும். ஏ என்றாலும் எல்லாம் வந்துவிடாது. சரியாகப் பேக் செய்யாததால் வந்த சேதம், தாமதத்தால் வந்த நஷ்டம் இரண்டையும் எந்த வகையும் ஏற்காது. 2021-இல் சூயஸில் சிக்கிய ‘எவர் கிவன்’ கப்பலில் பருவம் தவறிப்போன சரக்கு வைத்திருந்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். இறக்குமதி செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிஐஎஃப் விலையில் வாங்கும்போது இன்சூரன்ஸ் எடுப்பவர் விற்பவர். ஒப்பந்தத்தில் வேறு சொல்லாதவரை சி எடுத்தாலே அவர் கடமை முடிந்தது. ஏ வேண்டுமென்று ஆர்டரிலேயே எழுதிவிடுவது நல்லது.

நனைந்த சரக்கு வந்தால், கன்டெய்னரைத் திறக்கும் முன் சீல் எண்ணைப் படம் எடுங்கள். திறந்ததும் சரக்கை அப்படியே விட்டுவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி சர்வேயரை வரவழையுங்கள். நனைந்த இடத்தில் அவர் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுவார். பால்போல் வெளுத்தால் அது உப்புநீர். பி பாலிசிக்காரரின் பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் அந்தச் சொட்டில் தெரிந்துவிடும். நனையாததை உடனே தனியே பிரித்து வையுங்கள். சேதம் பெருகாமல் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

டெலிவரி ரசீதில் சேதத்தை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெளியே தெரியாத சேதம் என்றால், பெற்ற மூன்று நாளுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாலிசி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், சர்வே அறிக்கை, அந்தக் கடிதம் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் கிளைம். காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குப் பணம் தந்த பின், உங்கள் இடத்தில் நின்று கப்பல் நிறுவனத்திடம் வசூலிக்கும். அந்த உரிமையை நீங்கள் கெடுத்துவிட்டால் உங்கள் தொகையிலேயே பிடிப்பார்கள். கப்பல் நிறுவனத்தின் மீது வழக்குப் போடப் பொதுவாக டெலிவரியிலிருந்து ஓர் ஆண்டுதான் அவகாசம். கிளைம் அதற்குள் முடியாது என்று தெரிந்தால், கெடு தீரும் முன்பே கப்பல் நிறுவனத்திடம் கால நீட்டிப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.