வாட்டம் சரியில்லை, மேஸ்திரி

குளியலறையில் டைல்ஸ் ஒட்டி முடித்த அன்று எல்லாமே அழகாகத்தான் இருக்கும். தரையைத் துடைத்துப் பளபளவென்று விட்டுவிட்டு மேஸ்திரி பாக்கிப் பணத்தைக் கேட்பார், வீட்டாரும் கொடுத்துவிடுவார்கள். முதல் ஆள் குளித்துவிட்டு வெளியே வரும்போதுதான் கதவோரம் தண்ணீர் குளம் கட்டி நிற்பது தெரியும். போன் செய்தால், "பத்து நாள் போகட்டும்மா, செட் ஆயிடும்" என்று பதில் வரும். தரை தானாக வாட்டம் மாறாது என்பது அவருக்கும் தெரியும்.

இதற்குப் பிறகு சிலர் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். சிலர் போனால் போகட்டும் என்று ஆயுள் முழுக்க வைப்பரால் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். சண்டை போட்டவர் வீட்டுக்கு மேஸ்திரி மறுபடி வர மாட்டார், சும்மா இருந்தவர் வீட்டுக்கு வரவேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. வேலையைத் திரும்பச் செய்யவைப்பவர்கள் வேறு வகை. குறை என்ன என்பதை அளந்து வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் அவர்கள்.

8 அடிக்கு 5 அடி குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். டைல்ஸ், சிமெண்ட் எல்லாம் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது, கூலி மட்டும் மேஸ்திரியிடம் ஒப்பந்தம். ஒரு மூலையில் கதவு, எதிர்மூலையில் தண்ணீர் இறங்கும் ஜாலி. குளியலறைத் தரைக்கு அடிக்கு 3 மில்லிமீட்டராவது சரிவு வேண்டும். அப்படிப் பார்த்தால் கதவருகில் இருந்து 7 அடி தள்ளியிருக்கும் ஜாலி சுமார் 21 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். விரற்கடை அளவு இறக்கம்தான், ஆனால் அது இல்லாவிட்டால் தண்ணீருக்குப் போகும் திசை தெரியாது.

இதைச் சோதிக்க இன்ஜினியர் தேவையில்லை. ஒரு வாளி தண்ணீரைத் தரை முழுக்கப் பரவும்படி ஊற்றிவிட்டுக் கால்மணி நேரம் காத்திருக்கலாம். டைல்ஸ் இடுக்குகளில் ஈரம் நிற்பது இயல்பு, அதைக் குறை என்று சொன்னால் மேஸ்திரி சிரிப்பார். தேங்கி நிற்கும் குளம்தான் குறை. அதன் ஓரத்தை மார்க்கரால் வளைத்துக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து 4 அடி நீள மட்டப்பலகையைத் தரையில் வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த முனைக்குக் கீழே உள்ள இடைவெளிதான் வாட்டம். 4 அடிக்கு 12 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் 4 மட்டும் இருந்தால், அல்லது கதவருகே சரிவு வாசல் பக்கமே திரும்பியிருந்தால், அதற்கு மேல் வாதத்துக்கு இடமில்லை.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. ஒரு நாணயத்தாலோ ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியாலோ ஒவ்வொரு டைல்ஸையும் தட்டினால், அடியில் கலவை நிறைந்திருக்கும் இடம் கெட்டியாகவும், வெற்றிடம் உள்ள இடம் 'டொப்' என்றும் கேட்கும். டைல்ஸின் நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவையை உருண்டையாக வைத்து அழுத்திவிட்டால் இப்படி ஆகும். வேலை சீக்கிரம் முடியும், சிமெண்டும் மிச்சம். விட்ரிஃபைடு டைல்ஸாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அது தண்ணீரை அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாத ரகம் என்பதால் சாதா சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. டைல்ஸ் ஒட்டும் பசை வேண்டும்.

ஆனால் 'டொப்' என்று கேட்ட எல்லாவற்றையும் உடைக்கச் சொல்வது நியாயமில்லை. சுவரில் ஒரு டைல்ஸின் ஓரம் மட்டும் வெற்றாக ஒலித்தால் பெரும்பாலும் அது பல வருடம் அப்படியே நிற்கும். ஆள் மிதிக்கும் தரையில், அதுவும் கதவருகே, டைல்ஸின் நடுவே வெற்றாக ஒலித்தால் பக்கெட் விழுந்த ஒரு நாளில் அது கீறல் விடும். சாக்பீஸால் குறி போடும்போதே இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கடிதம் எழுதுமுன், போனை எடுக்குமுன், வீட்டுக்காரர் தன் பக்கத்தையும் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேஸ்திரி 1 அடி டைல்ஸ் போதும் என்று சொல்லியும், கடையில் கண்ணைப் பறித்த 2 அடி டைல்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது யார்? பெரிய டைல்ஸை நாலு பக்கச் சரிவுக்குக் குறுக்கே வெட்டாமல் படியவைக்க முடியாது. வெட்டினால் அழகு போகும் என்று வீட்டுக்காரரே தடுத்திருந்தால் குளம் நின்றதில் அவருக்கும் பங்கு உண்டு. நிற வேறுபாடும் இப்படித்தான். டைல்ஸ் பெட்டியின் மேல் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் அச்சாகியிருக்கும். பற்றாக்குறைக்குப் பிறகு வாங்கிய இரண்டு பெட்டிகள் வேறு பேட்சாக இருந்தால் அந்தப் பழி மேஸ்திரி மேல் விழக்கூடாது. ஒரே சமயத்தில் வந்த பெட்டிகளில் எண் மாறியிருந்ததைப் பார்க்காமல் ஒட்டியிருந்தால் அவரிடம் கேட்கலாம். கடைக்காரரிடம் போய்ப் பயனில்லை, ஒட்டிய பிறகு வரும் புகாரை அவர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

இதையெல்லாம் பிரித்தெடுத்த பின் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டே குறைகள்தான். நம் குளியலறையில் ஒன்று வாட்டம், மற்றொன்று கதவருகே வெற்றாக ஒலிக்கும் மூன்று டைல்ஸ். சுவர் வேலை சுத்தம். அதையும் சொல்லத்தான் வேண்டும், ஐஸ் வைப்பதற்காக இல்லை. எது சரி என்று முதலிலேயே ஒப்புக்கொண்டால், மொத்த வேலையையும் குறை சொல்லிக் கூலியைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் மேஸ்திரிக்கு வராது.

முதலில் நேரில் வரச்சொல்லி, அவர் கண்முன்னே வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டுவது நல்லது. உதவியாளர்கள் முன்னால் வேண்டாம். தன் ஆட்கள் எதிரில் தப்பை ஒத்துக்கொள்ளும் மேஸ்திரி அபூர்வம். தண்ணீர் நிற்பதைப் பார்த்த பிறகு பேச்சு சுருக்கமாகவே இருக்கும். அன்று மாலையே பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிட வேண்டும். இப்படி:

"மேஸ்திரி, வணக்கம். இன்னைக்கு நீங்க நேர்ல பார்த்தபடி, சுவர் வேலை நல்லா வந்திருக்கு. தரையில ரெண்டு குறை. கதவுப் பக்கம் தண்ணி நிக்குது, 4 அடிக்கு வாட்டம் 4 மில்லிதான் இருக்கு. கதவோரம் 3 டைல்ஸ் உள்ளே காலியா இருக்கு. போட்டோ அனுப்பியிருக்கேன். கதவுல இருந்து ஜாலி வரைக்கும் தரையை எடுத்துட்டு, வாட்டம் வச்சுத் திரும்பப் போட்டுக் குடுங்க. வர்ற 20ஆம் தேதிக்குள்ள முடிச்சுக் குடுத்தா வசதியா இருக்கும். உங்களுக்கு எந்த நாள் சரிப்படும்னு சொல்லுங்க. சுவர் வேலைக்கான பாக்கியை இன்னைக்கே அனுப்பிடறேன்."

இதில் திட்டு இல்லை, கெஞ்சலும் இல்லை. கடைசி வரிதான் மேஸ்திரிக்கு முக்கியம். மொத்தக் கூலி 20,000 ரூபாய், கொடுத்தது 14,000 என்று வைத்துக்கொண்டால் பாக்கி 6,000. அதில் முடிந்த சுவருக்கு உரிய 3,000-ஐக் கொடுத்துவிட்டுத் தரைக்கான 3,000-ஐ மட்டும் நிறுத்துவதுதான் நியாயமான பிடி. முழுவதையும் நிறுத்தினால் அவருடைய ஆட்களின் அன்றாடக் கூலியில் கைவைத்ததாக ஆகும், கோபம் வேலையின் மேல் திரும்பும். முழுவதையும் கொடுத்துவிட்டால் அவர் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். பெரிய கட்டுமான ஒப்பந்தங்களில் ஐந்து முதல் பத்து சதவீதத் தொகையைக் குறை தீர்க்கும் காலம் முடியும்வரை பிடித்துவைக்கும் வழக்கம் உண்டு. வீட்டு வேலைக்கும் அதை ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டால் பிறகு சங்கடம் இல்லை.

திரும்பச் செய்வதில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. குளம் நிற்கும் இடத்தில் வெள்ளை சிமெண்ட் பூசி மேடாக்கிவிடுகிறேன் என்பது மேஸ்திரி தரும் முதல் சமாதானம். அது சில மாதங்களில் பெயர்ந்து வரும். வாட்டக் குறைக்கு டைல்ஸை எடுத்துக் கலவை மட்டத்தைத் திருத்துவதைத் தவிர உருப்படியான வழி கிடையாது. காலியான இரண்டு மூன்று டைல்ஸ் மட்டும்தான் குறை என்றால், இடுக்கு வழியாக எபாக்ஸியைச் செலுத்தி நிரப்பும் முறையை ஏற்கலாம். உடைத்து எடுக்கும்போது உளி அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சையும் கிழித்துவிடும். டைல்ஸ் மறுபடி அழகாகிவிடும், ஆறு மாதம் கழித்துக் கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் படரும். அதனால், டைல்ஸை எடுத்த பின் பூச்சைச் சரிபார்த்து, கிழிந்த இடத்தில் மறுபூச்சு அடித்து, அது காய்ந்ததும் ஜாலியை அடைத்துத் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரமாவது பார்த்த பிறகே புது டைல்ஸ் என்று முதல் செய்தியிலேயே ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

உடையும் டைல்ஸின் விலை யார் தலையில்? தப்பு வேலையில் என்றால் நியாயப்படி மேஸ்திரியுடையது. நடைமுறையில், வெட்டுச் சேதத்துக்காகக் கூடுதலாக வாங்கிய டைல்ஸ் மிச்சம் இருந்தால் அதை வீட்டுக்காரர் கொடுப்பதும், உழைப்பும் சிமெண்டும் மேஸ்திரியுடையது என்று முடிப்பதும்தான் இரு தரப்பும் மனம் கோணாமல் ஒத்துக்கொள்ளும் கணக்கு.

தேதி கடந்தும் ஆள் வரவில்லை என்றால் உடனே வேறு ஆளைக் கூப்பிட்டு உடைத்துவிடக் கூடாது. உடைத்ததும் சாட்சியம் போய்விடும். இன்னொரு மேஸ்திரியை வரவழைத்துத் தரையைக் காட்டி, சரிசெய்ய ஆகும் செலவை எழுதி வாங்கி, அதையும் படங்களையும் இணைத்துப் பழைய மேஸ்திரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடைசி அவகாசம் தரலாம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்படி 'சேவை'தான் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்குக் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தினக்கூலிக்கு ஆளை வைத்து, இங்கே ஒட்டு அங்கே ஒட்டு என்று வீட்டுக்காரரே முன்னின்று வேலை வாங்கியிருந்தால் இந்தக் கதவு திறப்பது கஷ்டம், ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் அது ஒப்பந்தக்காரர் தரும் சேவை ஆகாது.

நம் குளியலறைக் கதை அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பாக்கி 3,000 காத்திருப்பதால் மேஸ்திரி வருவார். வேலை முடிந்ததும் அதே வாளி, அதே மட்டப்பலகை, அதே நாணயம். பசையில் ஒட்டியிருந்தால் ஒரு நாளாவது காயவிட்ட பிறகே தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். கால்மணி நேரத்தில் தரை வடிந்துவிட்டால் பணத்தை அன்றே கொடுத்துவிடலாம், மிச்சமிருக்கும் நாலைந்து டைல்ஸைப் பரணில் பத்திரப்படுத்தலாம். அதே பேட்ச் பிறகு கடையில் கிடைக்காது.